உஷார்! இறுகியது போல ஏமாற்றும் டி-நட்

மறைமலை நகருக்கும் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டிக்கும் நடுவே இருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு! வெல்டிங் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், எல்-கீ ஒன்று போதும் என்று அலுமினிய ப்ரொஃபைலில் மேஜையும் ஸ்டாண்டும் கட்ட நினைப்பவர்கள், அதில் பாரத்தை ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த மூட்டு கழலப் போவது வெளியே தெரியாது. போல்ட் இறுகியிருக்கும், பிராக்கெட்டும் நேராக நிற்கும். பாரம் ஏறி, மேஜையில் ஒரு தட்டு விழுந்ததும் குறுக்குக் கட்டை சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

காரணம் இதுதான். ப்ரொஃபைலின் பள்ளம் கம்பத்தின் நீளவாக்கில் ஓடுகிறது. செங்குத்தான காலின் பக்கத்தில் கார்னர் பிராக்கெட்டை வைத்து, அதன்மேல் கட்டையைத் தாங்கவிட்டால், பாரம் தள்ளும் திசையும் பள்ளம் ஓடும் திசையும் ஒன்றே. தடுக்கப் பல்லும் இல்லை, ஆணியும் இல்லை. போல்ட்டின் இறுக்கம் தரும் உராய்வு மட்டுமே அங்கே இருக்கிறது. இறுக்கம் குறைந்தால் பிடிப்பும் குறைந்தது.

அந்த இறுக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்.

முதலாவது, சுழலாத நட். பள்ளத்தின் வாயில் நேரடியாகப் போட்டு, போல்ட்டைத் திருப்பும்போது தானும் கால் சுற்று திரும்பிக் குறுக்கே பூட்டிக்கொள்ளும் வகை டி-நட்டைத்தான் பலர் வாங்குகிறார்கள். மரையில் எண்ணெய் இருந்தாலோ போல்ட் லேசாக ஓடினாலோ நட் கூடவே திரும்பாது. பாதி திரும்பினால் அதன் மூலை மட்டும் பள்ளத்தின் உதட்டைக் கவ்வும். அலுமினியம் மென்மையானது. அந்த மூலை அதில் பதியப் பதிய இறுக்கம் போய்விடும். அதனால் விரலால் ஓரளவு முறுக்கியதும் பிராக்கெட்டை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நட் திரும்பவில்லை. முழுதாக முறுக்கிய பின் ரப்பர் சுத்தியலால் பள்ளத்தின் வாக்கில் தட்டுங்கள். அசைந்தால் கழற்றி மறுபடி போடுங்கள்.

இரண்டாவது, நீளமான போல்ட். இதுதான் ஆபத்தானது. போல்ட்டின் நுனி பள்ளத்தின் அடியில் இடித்தால் கீ திடீரென நின்றுவிடும், கைக்கு நன்றாக இறுகியதாகவே தோன்றும். ஆனால் பிராக்கெட்டை அது அழுத்தவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிராக்கெட்டின் தகடு 4 மி.மீ., வாஷர் 1.6 மி.மீ., உங்கள் ப்ரொஃபைலின் பள்ளம் 12 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டினால் 17.6. ஆகவே எம்8 போல்ட் 16 மி.மீ. நீளம் போதும். 20 மி.மீ. போட்டால் அடியில் இடிக்கும். கடையில் கிடைத்ததைப் போடாமல், உங்கள் பள்ளத்தின் ஆழத்தை வெர்னியரின் பின்கம்பியால் அளந்து வாங்குங்கள்.

வாயின் அகலத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். 40×40 ப்ரொஃபைல் 8 மி.மீ. வாயிலும் வருகிறது, 10 மி.மீ. வாயிலும் வருகிறது. 8-க்கான நட் 10-க்குள் விழும், திரும்பும், ஆனால் உதட்டின் ஓரத்தைத்தான் பிடிக்கும். ப்ரொஃபைலையும் நட்டையும் ஒரே கடையில் ஒரே சீரிஸில் கேட்டு வாங்குவதே நல்லது.

இனி கட்டும் முறை. 200 கிலோ கியர்பாக்ஸ் ஏறும் மேஜை என்றால், பாரம் சமமாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு காலுக்கும் 50 கிலோ. அதைப் பிராக்கெட்டின் உராய்வில் தொங்கவிடாதீர்கள். காலின் வெட்டுமுகத்தின் மேலேயே மேல்கட்டை படுக்கும்படி கட்டுங்கள். அப்போது பாரம் நேராகக் காலில் இறங்கும். பிராக்கெட் சாய்வை மட்டும் தடுத்தால் போதும். இதற்கு வெட்டுமுகம் சரியான 90 பாகையில் இருக்க வேண்டும். நடுத்தட்டுக்கு வேறு வழியில்லை என்றால், நுனி வழியாக உள்ளே தள்ளும் நீள நட்டுகளைப் போடுங்கள். சட்டத்தை மூடிய பின் அவற்றை உள்ளே செலுத்த முடியாது என்பதால், தேவைக்கு மேல் இரண்டு நட்டுகளை முன்பே பள்ளத்தில் விட்டு வையுங்கள்.

கை உணர்வை நம்பாமல் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எவ்வளவு என்பதை ப்ரொஃபைல் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வழியாகக் கால்வரை மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். கோடு உடைந்தால் மூட்டு நகர்ந்துவிட்டது. கிரைண்டர், கம்ப்ரஸர் அதிரும் பட்டறையில் முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் பாருங்கள். மாமல்லபுரம் கடலோரப் பட்டறைக்காரர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண முலாம் பூசிய நட் பள்ளத்துக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. அங்கே அவ்வப்போது ஒரு மூட்டைக் கழற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே சட்டம் கட்டிவிட்டவர்கள் இன்றே பாரத்தை இறக்கி, ஒவ்வொரு பிராக்கெட்டையும் தட்டிப் பாருங்கள். ஒன்று அசைந்தாலும் எல்லா போல்ட்டுகளின் நீளத்தையும் அளந்துவிட்டுத்தான் மறுபடி பாரம் ஏற்ற வேண்டும்.