மைனர் போட்ட கையெழுத்து

தாராவியில் 17 வயதுப் பையன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்திரம் செல்லுமா?

செல்லாது. 18 வயது முடியாதவர் மைனர். மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இப்படிச் சொல்கிறது.

கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 1895-இல் தம் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். தமக்கு வயது வந்துவிட்டது என்றும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் ஆளுக்குத் தெரியும். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1903-இல் தீர்ப்பு வந்தது. அடமானம் தொடக்கம் முதலே செல்லாது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவு இல்லை.

பையனுக்கு 18 வயது ஆனபின் "அந்தப் பத்திரம் எனக்குச் சம்மதம்" என்றால்? அப்போதும் அது உயிர் பெறாது.

புத்தி சுவாதீனம் இல்லாதவர் செய்யும் ஒப்பந்தமும் செல்லாது. ஆனால் சிலருக்கு இடையிடையே தெளிவு வரும். அந்தத் தெளிந்த நேரத்தில், நன்மை தீமை புரிந்து கையெழுத்துப் போட்டால் செல்லும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இவர்களுக்கு ஒருவர் அரிசியோ மருந்தோ கடனாகக் கொடுத்தால், நியாயமான விலையை அவர்களின் சொத்திலிருந்து கேட்கலாம். சொத்து இல்லை என்றால் அவர்களிடம் கேட்க முடியாது.