பாலும் நாளும்

பைகளில் அடைத்து விற்கும் பால், குளிரில் வைத்தாலும் ஏறத்தாழ இரண்டு நாட்களே கெடாதிருக்கும். திருத்தணிக்கு அண்மையிலுள்ள ஆர்.கே.பேட்டையில் வணிகர் ஒருவர் நாள்தோறும் 80 பைகள் விற்கிறார் என்று கொள்வோம். வண்டிக்கூலியை மிச்சப்படுத்த எண்ணி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை 240 பைகள் வாங்கினால், மூன்றாம் நாளுக்குரிய 80 பைகளும் திரிந்துபோகும். இருநாளுக்கு ஒருமுறை 160 வாங்கினாலோ, விற்பனையில் குறையும் ஒவ்வொரு பையும் வீணாகும். நாள்தோறும் 80 வாங்கினால், இன்று எஞ்சிய 10 பைகளை நாளை முதலில் விற்று, நாளைக்கு 70 பைகளே தருவிக்கலாம். கூடுதல் நடைகளின் கூலி, கெடும் பாலின் விலையினும் குறைவாயிருக்கும் வரை இம்முறையே இலாபம். ஆடிக் கிருத்திகைக்கு மக்கள் திரளும்போது, காலையும் மாலையும் இருமுறை தருவித்தல் நன்று. காலை விற்பனையைக் கண்டு மாலையில் வாங்கும் அளவைத் திருத்திக்கொள்ளலாம் அன்றோ?