லாரி ஓட்டுநருக்கு ஏற்ற நினைவூட்டல்

அரை மணிக்கு ஒருமுறை எழவும் தண்ணீர் குடிக்கவும் சொல்லும் கைப்பேசி, கைக்கடிகார நினைவூட்டல்கள், நினைத்தவுடன் இருக்கையை விட்டு எழக்கூடிய அலுவலகப் பணியாளரை மனத்தில் கொண்டு அமைந்தவை. நாமக்கல்லை மையமாகக் கொண்டு ஓடும் லாரி, டேங்கர் ஓட்டுநர்களுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. ஆயினும் அவர்களுக்கே நினைவூட்டல் மிகுதியும் தேவை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்வோருக்குக் காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007-இல் அறிவித்தது. வண்டியை நிறுத்த நேரிடுமே என்று தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீரகக் கல் உண்டாகவும் வழி ஏற்படுகிறது.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அதற்குள் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று வகுத்தது. இது வெளி எல்லையே. உடல்நலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது பொருத்தமான இடைவெளியாகும்.

நெரிசலால் பயணம் தாமதமாகும் என்பதால், குறித்த நேரத்து அலாரத்தைவிட, வண்டியை எடுக்குமுன் 90 நிமிடத்துக்கு முடுக்கிவிடும் டைமரே ஏற்றது. அது ஒலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதல்ல, அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதே பொருள். லோடுடன் ஓசூரிலிருந்து நாமக்கல் திரும்பும் வண்டிக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மூன்று நிறுத்தங்களும், ஒவ்வொன்றிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீரும் கணக்கில் கொள்ளலாம். விபத்துகள் மிகுந்த தொப்பூர் இறக்கத்தில் மணி ஒலித்துக் கவனம் சிதறாதபடி, தருமபுரி நிறுத்தத்திலேயே டைமரைப் புதிதாக முடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையிலெடுத்து மணியை நிறுத்துவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் அடங்கும். கிளீனர் உடனிருந்தால் டைமர் அவரிடம் இருப்பதே நன்று.

சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அறியலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்புச் சத்து ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஓய்வு தராமல் வண்டியை ஓட்டச் சொல்லும் உரிமையாளர்மீது தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம். சுங்கச்சாவடிகளை வண்டி கடந்த நேரத்தைக் காட்டும் ஃபாஸ்டேக் பதிவுகளும் ட்ரிப் சீட்டும், இடைவிடாமல் ஓட்ட நேர்ந்ததற்குச் சான்றாக உதவும்.