600 சதுரடி வீட்டுக்கு எந்தத் தரை?

டைல்ஸ் கடையில் ‘சதுரடி 55 ரூபாய்’ என்ற பலகையைப் பார்த்து, வீட்டுப் பரப்பால் பெருக்கி, தரைச் செலவு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி கூலி, கலவை, பாலிஷ் என்று பின்னால் வருகிறது.

இரண்டு அறை, ஹால், சமையலறை என 600 சதுரடித் தரை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; இங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நடுத்தர விலையை வைத்துக்கொள்ளலாம்.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 660 சதுரடி வேண்டும். இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் பெட்டிக்கு நான்கு. அது சுமார் பதினைந்தரை சதுரடி. ஆக 43 பெட்டி, சதுரடி 55 ரூபாய் என்றால் ஏறத்தாழ 36,700 ரூபாய். கூலி, சிமென்ட், மணல், பசை எல்லாம் சேர்ந்து சதுரடிக்கு இன்னொரு 55 என்றால் 33,000. மொத்தம் 70,000 ரூபாயை ஒட்டி நிற்கும்.

மார்பிள் கல்லில் ஓரம் சீராக இருக்காது, நடுவே விரிசலும் வரும். சேதாரம் 15 சதவீதம் வைப்பதே நல்லது. சதுரடி 100 ரூபாய்க் கல் என்றால் 69,000. பதிப்பதற்கும் அதன்பிறகு மெஷின் பாலிஷுக்கும் சதுரடிக்கு 110 என்றால் 66,000. மொத்தம் 1,35,000. பாலிஷ் போடும்போது சேற்றுத் தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கும் என்பதால், சுவருக்குக் கடைசிக் கோட் பெயின்ட் அதன்பிறகுதான்.

பாலிஷ் கான்கிரீட்டில் கல்லே வாங்க வேண்டாம், எனவே மலிவு என்று தோன்றும். சிறிய வீட்டில் அப்படி இல்லை. இரண்டு அங்குலக் கான்கிரீட்டுக்குச் சதுரடி 60, வைரத் தகடு பொருத்திய மெஷினால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்ற 90 என்று வைத்தால் 90,000. பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள் சிறு வேலைக்கு வரத் தயங்குவார்கள். மூலைகளைக் கைமெஷினால்தான் தேய்க்க வேண்டும். விரிசலை முழுவதுமாகத் தடுக்கவும் முடியாது. கான்கிரீட் போட்ட ஓரிரு நாளில் கோடு வெட்டிவிட்டால், விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

அடுத்து வழுக்கல். உலர்ந்திருக்கும்போது மூன்றுமே பயமில்லை. தண்ணீர் விழுந்தால், எது கண்ணாடி போலப் பளபளக்கிறதோ அது வழுக்கும். பொருள் எது என்பதைவிட மெருகு எவ்வளவு என்பதே முக்கியம். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். மாதிரி டைல்ஸைத் தரையில் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளியுங்கள். எதையாவது பிடித்துக்கொண்டு, வெறுங்குதிகாலை அழுத்தி முன்னே தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நழுவினால் அது குளியலறைக்கும் சமையலறைக்கும் வெளித் திண்ணைக்கும் ஆகாது. அங்கெல்லாம் மேட் டைல்ஸ் போடுங்கள். கான்கிரீட் என்றால், கண்ணாடி மெருகு வரும்வரை போகாமல் முன்னாலேயே நிறுத்தச் சொல்லலாம்.

பராமரிப்பில் மார்பிளுக்கு எதிரி புளிப்பு. அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்திச் சற்று நேரம் கிடந்தால் அந்த இடம் மங்கிவிடும். அது கறை அல்ல, மெருகு அரித்துப்போனது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். கழிவறைக்கான ஆசிட்டை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கான்கிரீட்டும் ஆசிட் தாங்காது. எண்ணெய் இறங்காமலிருக்க மேலே பூசும் சீலரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

விட்ரிஃபைட்டில் கறை சுலபமாக ஏறாது. அழுக்கு சேருவது இணைப்புக் கோடுகளில்தான். சமையலறையில் அந்தக் கோடுகளுக்கு எபாக்சி போட்டால் கறுக்காது. அதன் தொல்லை வேறு. அது தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அதனால் வழக்கமான சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. விட்ரிஃபைட்டுக்கென்றே வரும் டைல்ஸ் பசை கேளுங்கள். டைல்ஸுக்கு நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும் விடச் சொல்லுங்கள். நெருக்கிப் போட்டால் வெயிலில் விரிந்து, ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பிவிடும்.

வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்து அழுத்தும் சிறிய வீட்டுக்கு, அறைகளில் மிதமான மெருகுள்ள விட்ரிஃபைட், ஈரம்படும் இடங்களில் மேட் என்பதே என் பரிந்துரை. கடைசிக் கூலி கொடுக்குமுன் ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். ‘டொக்கு’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பில்லை; அதைப் பெயர்த்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். அதே ஷேடு எண் உள்ள ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.