பதினெட்டாவது நிமிடத்துக்கு ஒரு கேப்ஷன்

மருத்துவர் ஒருவருடன் பாம்புக்கடி பற்றிப் பேசி, 52 நிமிட பாட்காஸ்ட் எபிசோடு ஒன்றைத் தோழி முடித்திருந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போட்ட உழைப்பு. வெளியிடுவதற்கு முந்தைய இரவு இன்ஸ்டாகிராமுக்கான கேப்ஷனை எழுதி எனக்கு அனுப்பினாள்:

“புதிய எபிசோடு வெளியாகிவிட்டது! பாம்புக்கடி குறித்து மருத்துவருடன் ஒரு சுவாரசியமான உரையாடல். பல அரிய தகவல்கள். தவறாமல் கேளுங்கள், பகிருங்கள். லிங்க் பயோவில்.”

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘பாம்புக்கடி’யை எடுத்துவிட்டு ‘நீரிழிவு’ என்று போட்டாலும் இதே கேப்ஷன் அப்படியே பொருந்தும். எந்த எபிசோடுக்கும் பொருந்தும் வாசகம் இந்த எபிசோடைக் கேட்க யாருக்கும் காரணம் தராது. பேருந்தில் நின்றபடி விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், 52 நிமிடத்தை எதற்காகக் கொடுக்க வேண்டும்? அதற்கான பதில் அந்த நாலு வரியில் எங்குமே இல்லை.

போன் செய்து கேட்டேன்: “எடிட் பண்ணும்போது எந்த இடத்துல நீ வேலைய நிறுத்தின?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் வலிக்காதுன்னு டாக்டர் சொன்னாங்கடி. ராத்திரி தரையில படுத்திருக்கறவங்களைத்தான் அதிகம் கடிக்குமாம். கடிவாய்கூட சரியா தெரியாதாம். விடியக்காலையில வயித்து வலின்னு எழுந்திருப்பாங்களாம். வீட்டுல அஜீரணம்னு நெனச்சு சோடா வாங்கிக் கொடுப்பாங்களாம். அதைக் கேட்டதும் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, அம்மா படுத்திருந்த பாயைப் போய் உதறிட்டு வந்தேன்.”

எபிசோடைக் கேட்பதற்கான காரணம் அதுதான். செய்தவளையே எழுந்து போக வைத்த இடம் கேட்பவரையும் நிறுத்தும். அது பதினெட்டாவது நிமிடத்தில் இருந்தது. கேப்ஷனிலோ அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நல்ல எபிசோடில் சொல்ல ஐந்தாறு விஷயங்கள் இருக்கும், இதிலும் இருந்தன. கடிபட்ட இடத்துக்கு மேலே கயிறு கட்டக் கூடாது என்பது ஒன்று. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்துத் தருகிறது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் கேப்ஷனில் போட்டுவிட ஆசை வரும். போட்டால், படிப்பவர் மனதில் எதுவும் தங்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடுவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. நாங்கள் கட்டுவிரியனை எடுத்துக்கொண்டோம்.

எடுத்ததை முதல் வரியிலேயே வைக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆனால் ஓடும் பக்கத்தில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மீதி ‘more’ என்பதற்குப் பின்னால் மறைந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. நாம் ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. ‘டு’ என்றால் அதற்கு ட-வும் உகரக் குறியும். ‘ட்’ என்றால் ட-வும் புள்ளியும். “கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது.” என்ற வரியில் நம் கணக்குக்கு 23 எழுத்துகள். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்துக் கணினியின் கணக்குக்கு 46. எக்ஸ் தளத்தின் 280 வரம்பும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ‘புதிய எபிசோடு வெளியாகிவிட்டது’ என்ற அறிவிப்புக்கு முதல் வரியைக் கொடுத்துவிட்டால், சொல்ல வேண்டியதற்கு அங்கே இடமே இருக்காது.

திருத்திய கேப்ஷன் இப்படி வந்தது:

“கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. தூக்கத்தில் கடிபட்டவர் விடிகாலையில் வயிற்று வலி என்றுதான் எழுந்திருப்பார். அது சாதாரண வலியா, விஷமா என்று சந்தேகிக்க என்னென்ன அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்? 18-வது நிமிடத்திலிருந்து மருத்துவர் சொல்கிறார்.”

மருத்துவரிடம் இதைப் படித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே வைத்துக்கொண்டோம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் வரி இன்னும் கூர்மையாக இருக்கும் என்று தோழி நினைத்தாள். எடுத்தால் அது பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டோம். ‘இது தெரியாவிட்டால் உயிர் போகும், உள்ளே கேளுங்கள்’ என்று ஆவலைத் தூண்டி விஷயத்தை மறைக்கும் கேப்ஷன்களும் வருகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட செய்தியில் அது தவறு. எபிசோடைத் திறக்காமலே கடந்து போகிறவருக்கும், வலி இல்லாத கடி உண்டு என்ற செய்தியாவது போய்ச் சேர வேண்டும்.

அடுத்து, எங்கே கேட்பது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க் ஒட்டினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. அதனால்தான் ‘லிங்க் பயோவில்’ என்று எழுதுகிறார்கள். அடுத்த வாரம் அடுத்த எபிசோடு வரும், பயோவில் லிங்க் மாறும். மூன்று மாதம் கழித்துப் பழைய பதிவைப் பார்க்கிறவர் பயோவுக்குப் போனால் வேறு ஏதோ திறக்கும். எனவே பயோவைக் குறிப்பிடுவதோடு, நிகழ்ச்சியின் பெயரையும் எபிசோடு எண்ணையும், ஆப்பில் தேடினால் கிடைக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதிவிட வேண்டும். தோழியின் நிகழ்ச்சிப் பெயர் ஸ்பாட்டிஃபையில் ஆங்கில எழுத்தில் இருந்தது. தமிழில் தட்டித் தேடினால் வரவில்லை. என் போனில் தேடிப் பார்த்ததால் தெரிந்தது. அவள் போனில் அவள் நிகழ்ச்சி எப்படித் தேடினாலும் முதலில் வந்துகொண்டிருந்தது.

வாட்ஸ்அப்பில் லிங்க் தொட்டதும் திறக்கும். எங்கள் ஊர்க் குழுக்களுக்கு அதுவே முக்கியமான வழி. அங்கே யூடியூப் லிங்க் ஒன்றே ஒன்றை வைத்தோம். தனி ஆப் இல்லாதவர்களிடமும் யூடியூப் இருக்கும். 18 நிமிடம் என்றால் 1,080 வினாடி. லிங்கின் கடைசியில் `?t=1080` என்று சேர்த்தால் நேராக அந்த இடத்தில் திறக்கும். ‘Share’ அழுத்தி எடுத்த லிங்கில் ஏற்கெனவே `?si=` என்று ஏதாவது இருந்தால், கேள்விக்குறிக்குப் பதிலாக `&t=1080` என்று சேர்க்க வேண்டும். ஆடியோ ஆப்களில் நடுவே விளம்பரம் செருகப்படும் நிகழ்ச்சியாக இருந்தால் நிமிடக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அங்கே நிமிடத்தைக் குறிப்பிடாமல், “கட்டுவிரியன் பகுதி” என்று மட்டும் சொல்வது நல்லது.

வெளியீட்டு நாளன்று ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. காலை ஆறு மணிக்கு எபிசோடை ஏற்றிவிட்டு, ஆறே காலுக்குக் கேப்ஷனைப் போட்டுவிட்டாள். ஏற்றிய எபிசோடை ஒவ்வொரு ஆப்பும் தன் நேரத்தில்தான் வந்து எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் மணிக்கணக்காகும். ‘தேடினேன், இல்லையே’ என்று மூன்று பேர் எழுதினார்கள். அப்படித் தேடிப் போய் ஏமாந்தவர் மாலையில் திரும்பி வருவது அரிது. அதன் பிறகு எபிசோடு முதல் நாள் இரவே ஏறிவிடும். மறுநாள் வேறொருவர் போனில், கேப்ஷனில் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் அது ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பதிவு போகும்.

கேப்ஷன் வேலை செய்ததா என்பதை விருப்பக்குறிகளை வைத்துச் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்துவிட்டு இதயத்தை அழுத்திப் போகிறவர்களே அதிகம். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எந்த நொடியில் இருந்தார்கள், எங்கே விலகினார்கள் என்று ஒரு கோடு தெரியும். வழக்கமாக அது தொடக்கத்தில் உயர்ந்து போகப்போகச் சரியும். இந்த எபிசோடில் பதினெட்டாவது நிமிடத்தில் கோடு மேலே எழுந்தது. அங்கே வந்தவர்கள் கேப்ஷனைப் படித்து வந்தவர்கள். கோடு அங்கே எழுந்து உடனே விழுந்திருந்தால், கேப்ஷன் சொன்னது எபிசோடில் சரியாக இல்லை என்று அர்த்தமாகியிருக்கும். விழவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது அதே கேப்ஷனை வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி அனுப்புகிறோம். அனுப்பும் முன் லிங்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். போன வாரமும் பார்த்தேன், 18-வது நிமிடத்தில்தான் திறந்தது.