சராசரி 4, பரவற்படி 3: கணக்கு சொல்லும் கதை

பிளஸ் டூ புள்ளியியல் பயிற்சித்தாளில் அடிக்கடி வரும் கேள்வி இது: ஓர் ஈருறுப்புப் பரவலின் சராசரி 4, பரவற்படி 3. n, p காண்க.

ஈருறுப்புப் பரவலில் சராசரி np, பரவற்படி npq. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் q மட்டும் மிஞ்சும். இங்கே q = 3/4. அப்படியானால் p = 1/4, n = 16. ஒருமுறைகூட வெற்றி கிடைக்காமல் போகும் நிகழ்தகவு (3/4)¹⁶, அதாவது 100-க்கு ஒன்று.

அடுத்த கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். சராசரி 6, திட்ட விலக்கம் 3 என்று இருக்கும். 3-ஐ அப்படியே பரவற்படியாக எடுத்துக்கொண்டால் q = 1/2, n = 12 என்று அழகாக விடை வந்துவிடும். ஆனால் திட்ட விலக்கத்தின் வர்க்கம்தான் பரவற்படி. அது 9. இப்போது q = 9/6, அதாவது 1.5. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. ஆகவே இப்படியொரு ஈருறுப்புப் பரவலே கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் விடை.

p மிகச் சிறியதாக இருந்தால் q ஏறக்குறைய 1. அப்போது npq-உம் np-உம் ஒன்றையொன்று தொட்டுவிடும். 1000 பொருள்களில் ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பு 0.002 என்றால் சராசரி 2, பரவற்படி 1.996. இந்த அரிய நிகழ்வுகளுக்கு உரியது பாய்சான் பரவல். அதில் சராசரியும் பரவற்படியும் சமம். பழுதே இல்லாத நிகழ்தகவை ஈருறுப்பு முறையில் போட்டால் 0.1351, பாய்சானில் e⁻² = 0.1353. 0.998-ஐ ஆயிரம் முறை பெருக்கும் வேலை மிச்சம்.

இது தாளில் மட்டும் நடப்பதல்ல. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் 1898-இல் வெளியிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஒரு பிரிவின் ஓராண்டை ஒரு பதிவாகக் கொண்டால் 200 பதிவுகள். மொத்தம் 122 சாவுகள். சராசரி 0.61, பரவற்படியும் 0.61!

சாவே இல்லாத பதிவுகள் எத்தனை இருக்க வேண்டும்? e⁻⁰·⁶¹ = 0.543, அதை 200-ஆல் பெருக்கினால் 108.7. உண்மையில் இருந்தவை 109. ஒரே ஒரு சாவு நடந்தவை 66.3 என்கிறது பாய்சான், பதிவானவை 65.

இந்தப் பத்தும் பொறுக்கி எடுத்தவை என்பதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அமைப்பில் மாறுபட்ட வேறு நான்கு பிரிவுகளையும் சேர்த்து 280 பதிவுகளாக்கினால் சராசரி 0.70, பரவற்படி 0.76. ஆபத்து கூடிய பிரிவும் குறைந்த பிரிவும் கலந்தால் பரவற்படி இப்படித்தான் சராசரியை மிஞ்சும். ஆனால் 280 பதிவுகளில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே. இதை மட்டும் வைத்துப் பாய்சானைத் தள்ளிவிட முடியாது.