ஜிம் சந்தா: புதுப்பிக்காமல் போனவர்கள் எத்தனை பேர்?
தமிழ்நாட்டில் பல ஜிம்களில் சந்தாவை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். கெடு முடிந்ததும் உறுப்பினர் மறுபடி பணம் கட்டினால்தான் அது தொடரும். ஆகவே விலக நினைப்பவர் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வராமல் இருந்தாலே போதும். இப்படி விலகுவோரைக் கணக்கில் கொண்டுவருவது புதுப்பிப்பு அறிக்கை.

அறிக்கையின் முதல் பகுதி, அடுத்த சில வாரங்களில் யார் யாருக்குச் சந்தா முடிகிறது என்ற பட்டியல். பெயர், கைபேசி எண், பிளான், முடியும் தேதி ஆகியவற்றோடு உறுப்பினர் கடைசியாக வந்த நாளும் அதில் இருக்க வேண்டும். தினமும் வருபவரிடம் கவுண்டரிலேயே நினைவூட்டிவிடலாம். மூன்று வாரமாக வராதவரைச் சந்தா முடிவதற்கு முன்பே போனில் அழைக்க வேண்டும்.

இரண்டாம் பகுதி, மாதவாரியான விலகல் விகிதம். ஒரு ஜிம்மில் 400 உறுப்பினர்கள் இருப்பதாகவும், அவர்களில் 50 பேருக்கு மார்ச்சில் சந்தா முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். அவர்களில் 28 பேர் கெடுவுக்குள் புதுப்பித்தார்கள். 7 பேர் அடுத்த 30 நாளுக்குள் கட்டினார்கள். 15 பேர் வரவே இல்லை. 15-ஐ 400-ஆல் வகுத்தால் 4 சதவீதம்கூட வராது, உரிமையாளரும் நிம்மதியாக இருந்துவிடுவார். ஆனால் மார்ச்சில் முடிவெடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த 50 பேர்தான். எனவே சரியான விகிதம் 30 சதவீதம்.

தாமதமாகக் கட்டுபவர்களுக்காக 30 நாள் காத்திருப்பதால், கடைசி மாதத்தின் விகிதம் எப்போதுமே உண்மையைவிட மோசமாகத் தெரியும். ஏப்ரல் முதல் வாரத்தில் பார்த்தால் அந்த 7 பேரில் பலரும் விலகியவர்களாகவே நிற்பார்கள். காத்திருப்புக் காலம் முடியாத மாதத்தை 'முடிவாகவில்லை' என்று குறித்து, மற்ற மாதங்களோடு ஒப்பிடாமல் விடுவதே சரி.

இதைவிடப் பெரிய பிழை பதிவேட்டில் ஒளிந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முடிவுத் தேதியை மட்டும் வைத்திருந்தால், புதுப்பித்தவுடன் பழைய தேதி அழிந்துவிடும். அப்போது புதுப்பித்த 35 பேரும் மார்ச் கணக்கிலிருந்து மறைந்து, 15 பேரில் 15 பேரும் விலகியதாக அறிக்கை காட்டும். முடிந்துபோன மாதங்களில் விகிதம் 100-ஐ ஒட்டியே இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சந்தாவுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொண்ட தனி வரி எழுதினால் இந்தப் பிழை நேராது.

விகிதத்தைப் பிளான்வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். புத்தாண்டு வேகத்தில் மூன்று மாதச் சந்தா கட்டிச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கெடு முடியும். அந்த மாதங்களில் விகிதம் ஏறினால் உடனே பயிற்சியாளரைக் குறை சொல்லிவிடக் கூடாது. ஓராண்டுச் சந்தாக்காரர்களின் விகிதமும் சேர்ந்தே ஏறியிருந்தால்தான் ஜிம்மில் என்ன மாறியது என்று தேட வேண்டும்.